ஓய்வு பெறும் சக ஊழியருக்கு வாட்ச் கொடுத்து மூன்று நிமிடம் பேச: முழுமையான வழிகாட்டி

சின்ன அலுவலகத்தில் பணி ஓய்வு பாராட்டு என்றால் இருபது இருபத்தைந்து பேர், ஒரு மாலை, ஒரு சால்வை, பழத்தட்டு, எல்லோரும் பணம் போட்டு வாங்கிய வாட்ச், கடைசியில் டீயும் மிக்சரும். இதில் வாட்சைக் கொடுக்கிறவர் பேச வேண்டிய அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

மற்றவர்கள் பேசுவது வாழ்த்துரை. உங்கள் பேச்சு முடியும்போது ஒரு பெட்டி கை மாறியாக வேண்டும். புதிதாகப் பேச வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, நன்றாகப் பேசி முடித்துவிட்டு, "இப்போது... அந்த வாட்ச் எங்கப்பா?" என்று தேடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் கடைசியிலிருந்து திட்டமிட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு தாலுகா அலுவலகத்தை எடுத்துக்கொள்கிறேன். ஓய்வு பெறுகிறவர் பதிவறை எழுத்தர். 1991-ல் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தவர், 30.6.2025 அன்று ஓய்வு. பேசப்போகிறவர் அவரை விட இருபது வயது இளைய உதவியாளர். அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

1. நாளையும் வரிசையையும் உறுதி செய்யுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2021 முதல் ஓய்வு வயது 60. பிறந்த தேதி எதுவானாலும் அந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில்தான் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தைய மாதக் கடைசியிலேயே போய்விடுவார். வாட்சில் தேதி பொறிக்கப் போகிறீர்கள் என்றால் இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கடைசி நாளில் அவர் சும்மா இருக்க மாட்டார். பொறுப்பு ஒப்படைப்பு, சாவி, பதிவேடுகள், கையெழுத்துகள் என்று மதியம் வரை ஓடிக்கொண்டிருப்பார். ஓய்வு பெற அனுமதிக்கும் ஆணையும் சில சமயம் அன்றைக்குத்தான் கைக்கு வரும். ஆணை வந்துவிட்டதா என்று கண்காணிப்பாளரிடம் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டு, விழாவை நான்கு மணிக்கு மேல் வைப்பது நல்லது. ஆணைக்காகக் காத்திருக்கிற மனிதர் எந்தப் பேச்சையும் காதில் வாங்க மாட்டார்.

வரிசை: வரவேற்பு, வாழ்த்துரைகள், மாலை, சால்வை, அப்புறம் வாட்ச், கடைசியில் அவருடைய ஏற்புரை. வாட்ச் ஏற்புரைக்கு நேர் முன்னால் வரட்டும். பொருளை வாங்கிய கையோடு அவர் பேச எழுந்தால், என்ன சொல்வது என்று அவர் தேட வேண்டியிருக்காது. சால்வைக்கு முன்னால் வாட்சைக் கொடுத்தால் சால்வை போர்த்துகிறவர் கையும் வாட்ச் பெட்டியும் மோதிக்கொள்ளும்.

2. அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

பேச்சுக்கும் வாட்ச் வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பேச்சின் நடுப்பகுதி இங்கேதான் கிடைக்கிறது.

ஒரு வாரம் அவரைக் கவனியுங்கள். எந்தக் கையில் கட்டுகிறார்? முகப்பு வெளிப்பக்கமா, மணிக்கட்டின் உள்பக்கமா? மணி பார்க்கும்போது கையைத் தூரமாக நீட்டிப் பார்க்கிறாரா? நீட்டினால் பெரிய எண்கள் போட்ட வெள்ளை முகப்பு வாங்குங்கள். கறுப்பு முகப்பில் பொன்னிற முள் கடையில் அழகாக இருக்கும். அறுபது வயதுக் கண்ணுக்கு டியூப்லைட்டில் தெரியாது.

எங்கள் உதாரணத்தில் கவனித்த விஷயம் இதுதான்: பதிவறைக்குள் நுழையும் முன் அவர் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். கட்டுகளை இழுக்கும்போது இரும்பு ரேக்கில் உரசும் என்பதால் அப்படி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மாதிரிப் பேச்சில் வரும்.

அவர் கட்டியிருப்பது பழைய எச்.எம்.டி. என்றால், அதுவும் தினமும் காலையில் சாவி கொடுக்கிற ரகம் என்றால், ஒரு எச்சரிக்கை. அது அப்பா கொடுத்ததாகவோ கல்யாணத்துக்குக் கிடைத்ததாகவோ இருக்கலாம். "அந்தப் பழசைத் தூக்கிப் போடுங்க" என்ற நகைச்சுவை பேச்சில் வரவே கூடாது.

3. பொறிப்பு, பட்டை, நேரம்

விழாவுக்குப் பத்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள். பின்மூடியில் பொறிக்க வேண்டுமானால் எல்லாக் கடையிலும் அது நடக்காது. வெளியே அனுப்பி வாங்கித்தர நாள் ஆகும். பின்மூடி வழவழப்பான எஃகாக இருக்க வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே தெரிகிற ரகம் இதற்கு உதவாது.

பொறிக்க இரண்டு வரி போதும்: அவர் கையெழுத்துப் போடுகிற விதத்திலேயே முதலெழுத்தும் பெயரும், கீழே 1991 – 2025. சேர்ந்த ஆண்டைப் பணிப்பதிவேட்டில் பார்த்து எழுதுங்கள். பணியில் சேர்ந்த ஆண்டு ஒன்று, பணி வரன்முறை செய்யப்பட்ட ஆண்டு இன்னொன்று என்று இருக்கும். யாரோ ஞாபகத்தில் சொன்னதை நம்பிப் பொறித்தால் அவர் வீட்டில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொள்வார்.

உலோகப் பட்டை என்றால் கண்ணிகளை எடுத்து அளவு குறைக்க வேண்டியிருக்கும். அவருடைய கை அளவு தெரியவில்லை என்றால் வீட்டில் கேட்டு வாங்கலாம். கொடுக்கும்போது பட்டை முழங்கை வரை ஏறினால் போட்டோவில் அதுதான் தெரியும்.

புது வாட்சில் நேரம் வைக்கும் பக்கத்துத் திருகை வெளியே இழுத்து, அடியில் சின்ன பிளாஸ்டிக் தடுப்பு வைத்திருப்பார்கள். பேட்டரி தீராமல் இருக்க அந்த ஏற்பாடு. முந்தைய நாளே அதை எடுத்துவிட்டு, நேரமும் தேதியும் சரியாக வைத்து, ஓடுகிறதா என்று மறுநாள் காலையில் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பதுபோல் 10:10-ல் நின்றுபோன வாட்சை, மாலை ஐந்து மணிக்குக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் எத்தனையோ பேர்.

தேதிக் கட்டம் இருந்தால், முள் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையில் நிற்கும்போது தேதியை மட்டும் திருகாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் ஏற்கெனவே பல்லில் மாட்டியிருக்கும். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுபோய்விட்டுத் திருகலாம்.

4. ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்

நேர்மை, கடமை, கண்ணியம், எளிமை, பழக இனியவர். இந்த ஐந்தையும் யாருடைய விழாவிலும் சொல்லலாம் என்பதுதான் சிக்கல். உங்களுக்கு முன்னால் பேசுகிற நாலு பேரும் இதைச் சொல்லி முடித்திருப்பார்கள்.

அவரைப் பற்றி என்ன சொல்லலாம் என்று ஆட்களிடம் கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "அவர் லீவு போட்டா இங்க எந்த வேலை நின்னுபோகும்?" இதற்கு யாரும் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது.

பக்கத்து மேசைக்காரரிடமும், அலுவலக உதவியாளரிடமும், அவரிடம் அடிக்கடி வேலை வாங்குகிற ஒரு பிரிவு எழுத்தரிடமும் கேளுங்கள். எங்கள் பதிவறை எழுத்தரைப் பற்றி மூன்று பேரும் வேறு வேறு விதமாக ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: துண்டுச்சீட்டு. அவர் ரேக்கிலிருந்து எந்தக் கோப்பை எடுத்தாலும், எடுத்த இடைவெளியில் ஒரு சீட்டு செருகுவார். கோப்பு எண், தேதி, யார் கேட்டது. கோப்பு திரும்பி வந்ததும் சீட்டைக் கிழித்துப்போடுவார். கலெக்டர் அலுவலகத்திலிருந்து அவசரம் என்று ஆள் நின்றாலும் சீட்டு எழுதாமல் கோப்பு வெளியே வராது.

இது போதும். பார்க்கக்கூடிய ஒரு செயல், அவர் மட்டும் செய்வது, அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டாவது கதை கிடைத்தால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மூன்று நிமிடத்தில் இரண்டு கதை நிற்காது.

5. எதைத் தொடக்கூடாது

"அண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்" என்று தொடங்க எல்லோருக்கும் ஆசை வரும். சேர்ந்தது கருணை அடிப்படை நியமனமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் அந்த முதல் நாளுக்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். அவர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

தள்ளிப்போன பதவி உயர்வு, எப்போதோ வாங்கிய மெமோ, தணிக்கைக் குறிப்பு, உடல்நிலை, கடன், பிள்ளைகளின் கல்யாணம் இதெல்லாமும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் வேண்டாம். "இவ்வளவு திறமை இருந்தும் மேலே வர முடியலை" என்பது பாராட்டு மாதிரி கிளம்பி வேறு மாதிரி போய் இறங்கும்.

வாட்சின் விலை, யார் யார் எவ்வளவு போட்டார்கள், இவையும் கூடாது. சம்பளம் குறைந்தவர் நூறு ரூபாய் போட்டிருப்பார்; அவரும் அங்கேதான் நிற்கிறார். "நாங்க எல்லாரும்" என்ற ஒரு சொல் போதும்.

நேரத்தைப் பற்றிய பொன்மொழிகளையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. காலம் பொன் போன்றது, இனி உங்கள் நேரம் உங்களுக்கே, வாட்ச் நிற்கலாம் காலம் நிற்காது. வாட்ச் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது இவைதான். நீங்கள் வாயெடுக்கும் முன் கூட்டத்தில் பாதிப் பேர் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள்.

6. கடைசி வரியிலிருந்து எழுதுங்கள்

முதலில் கடைசி வரியை எழுதுங்கள். அது ஒரு அழைப்பாக இருக்க வேண்டும்: யார் வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். "அண்ணி வந்து இதை அண்ணன் கையில கட்டிவிடணும்." இதைக் கேட்டதும் யார் எழுவது என்ற குழப்பம் இருக்காது.

அடுத்து அதற்கு முந்தைய இரண்டு வரி, அதாவது கதையிலிருந்து வாட்சுக்குப் போகிற பாலம். பெரும்பாலான பேச்சுகள் இந்த இடத்தில்தான் விழும். கதை முடியும், "இத்தகைய அண்ணனுக்கு ஒரு சிறு அன்பளிப்பாக" என்று ஒட்டுப்போட வேண்டி வரும். மணிக்கட்டைக் கவனித்தது இங்கே உதவும். அவர் வாட்சைக் கழற்றிப் பையில் போடுவார் என்பது தெரிந்தால் பாலம் தானாகக் கிடைத்துவிடும்.

பிறகு கதை. அதற்குப் பிறகு தொடக்கம். "மதிப்பிற்குரிய" என்று மேடையில் இருப்பவர்களை வரிசையாக விளிக்கும் வேலையை வரவேற்புரை சொன்னவர் முடித்திருப்பார். நீங்கள் அலுவலகத் தலைவரை ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம்.

அளவு: மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல். சிரிப்பு, கைதட்டல், தொண்டை அடைப்பு எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்துக்கு இருநூறு சொல்லுக்குக் கொஞ்சம் குறைவாக எழுதினால் சரியாக வரும்.

7. மாதிரிப் பேச்சு

> வட்டாட்சியர் அவர்களுக்கும், அண்ணனுடைய குடும்பத்தாருக்கும், எல்லாருக்கும் வணக்கம்.
>
> நான் இந்த ஆபீசுக்கு வந்த புதுசுல, கோர்ட் கேசுக்காக ஒரு பழைய பட்டா மாறுதல் கோப்பு வேணும்னு பதிவறைக்குப் போனேன். அண்ணன் மூணு கேள்வி கேட்டார். எந்த ஊர், எந்த வருஷம், அப்ப அந்தப் பிரிவைப் பார்த்தது யாரு. டார்ச்சை எடுத்துக்கிட்டு உள்ள போனார். கோப்போட வந்தார். நான் கையை நீட்டினேன். கொடுக்கலை.
>
> "இருங்க தம்பி"ன்னு ஒரு துண்டுப் பேப்பரை எடுத்து, என் பேரைக் கேட்டு எழுதி, மறுபடியும் உள்ள போய், கோப்பு இருந்த இடத்துல செருகிட்டு வந்தார். எனக்கு அவசரம். மனசுக்குள்ள திட்டினேன். அப்புறம் ஒருநாள், அந்தச் சீட்டை வெச்சு அந்தக் கோப்பை என் மேசையிலேருந்தே கண்டுபிடிச்சுக் கேட்டு வாங்கினார். நான் மறந்தே போயிருந்தேன்.
>
> இந்த ஆபீசுல ஒரு கோப்பு காணாமப் போகலைன்னா, அதுக்குப் பின்னாடி அண்ணன் கையெழுத்துல ஒரு சீட்டு இருந்திருக்கு.
>
> இன்னொண்ணு பார்த்திருக்கேன். பதிவறைக்குள்ள போறப்ப அண்ணன் வாட்சைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்குவார். ரேக்குல உரசிரும்னு. அதனால பகல்ல பாதி நேரம் அவர் வாட்ச் பைக்குள்ளதான் இருந்துச்சு.
>
> நாளையிலேருந்து கழட்ட வேண்டியதில்லை அண்ணே. நாங்க எல்லாரும் சேர்ந்து ஒண்ணு வாங்கியிருக்கோம்.
>
> அண்ணி, நீங்க வந்து இதை அண்ணன் கையில கட்டிவிடணும்.

இதில் அவர் நல்லவர் என்று எங்கேயும் சொல்லவில்லை. சீட்டை எழுதுகிற அந்தக் காட்சியே அதைச் சொல்லிவிடுகிறது. சிரிப்பு பேசுகிறவர் மேல் விழுகிறது, அவர் மேல் விழவில்லை. ஓய்வு பெறுகிற நாளில் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை அவர் வயதுத் தோழர்களுக்கு மட்டும்தான் உண்டு. வாட்ச் என்ற சொல் பேச்சின் கடைசிப் பகுதியில்தான் முதல் முறையாக வருகிறது. முன்னாலேயே வந்திருந்தால் எல்லோர் கண்ணும் பெட்டி மேலேயே இருந்திருக்கும்.

பேச்சு மொழியில் எழுதியிருப்பதும் வேண்டுமென்றே. ஏட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு மேடையில் பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நடுவில் தடுமாறுவார்கள். வாயில் எப்படி வருமோ அப்படியே காகிதத்தில் இருக்கட்டும்.

8. வாய்விட்டுப் படியுங்கள்

மனதுக்குள் படித்தால் நீளம் தெரியாது. இரண்டு மூன்று முறை சத்தமாகப் படித்து, போனில் நேரம் பாருங்கள். பிறகு காகிதத்தை வைத்துவிட்டு நான்கு குறிப்பு மட்டும் ஒரு துண்டில் எழுதுங்கள்: மூன்று கேள்வி, சீட்டு, சட்டைப்பை, அண்ணி. கடைசி வரியை மட்டும் சொல் மாறாமல் மனப்பாடம் செய்யுங்கள். தொண்டை அடைத்துக்கொண்டால்கூட அந்த வரி வந்துவிட வேண்டும்.

அவர் மனைவியிடமோ, வருகிற வேறு யாரிடமோ, "கடைசியில உங்களைக் கூப்பிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய மனுஷர்கள் முன்னால் வரக் கூச்சப்படுவார்கள். மனைவி இல்லாதவர் என்றாலோ அவர்களால் வர முடியவில்லை என்றாலோ, மகளையோ பேரனையோ, பதிவறையில் அவருக்கு அடுத்து வரப்போகிறவரையோ கூப்பிடலாம். வட்டாட்சியர் கையால் கொடுப்பதுதான் அங்கே வழக்கம் என்றால் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்: பெட்டியை அவர் கொடுக்கட்டும், கட்டிவிடுவது வீட்டு ஆளாக இருக்கட்டும்.

9. பெட்டி கை மாறும் நேரம்

கடை அட்டைப்பெட்டி, வண்ணக்காகிதம், ரிப்பன் எல்லாவற்றையும் முன்பே பிரித்து, உள்பெட்டியை மட்டும் பக்கத்து மேசையில் வையுங்கள். மேடையில் செலோடேப்பைப் பிரிக்கிற அரை நிமிடம் மிக நீளமானது.

அவர் கழுத்தில் மாலை இருந்தால், உங்கள் பேச்சு தொடங்கும் முன்பே ஒருவர் அதை வாங்கி வைத்துவிடட்டும். சால்வை இருக்கலாம், ஆனால் வாட்ச் கட்டுகிற கையை விட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் ஜரிகை பட்டையில் சிக்கும்.

மைக்கை யாரிடம் கொடுப்பீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் பெட்டி என்று நின்றால் ஒற்றைக் கையால் கொடுக்க வேண்டி வரும். நம் ஊரில் அது சரிப்படாது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மூடியைத் திறந்து, முகப்பு அவர் பக்கம் தெரியும்படி நீட்டுங்கள்.

எல்லோரும் மறக்கிற ஒரு விஷயம்: அவர் கையில் ஏற்கெனவே ஒரு வாட்ச் இருக்கும். அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே முழிப்பார். "அதைப் பையில போட்டுக்கங்கண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். பழத்தட்டில் மட்டும் வைக்க விடாதீர்கள். விழா முடிந்ததும் தட்டு எந்த வண்டியில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

போட்டோ எடுப்பவர் அவர் வாட்ச் கட்டுகிற கைப்பக்கம் நிற்கட்டும். கட்டி முடித்ததும் நீங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிடுங்கள்.

10. இடையில் ஏதாவது நடந்தால்

உங்கள் கதையை முன்னால் பேசியவர் சொல்லிவிட்டால், கதையை விட்டுவிட்டு, "சீட்டு விஷயத்தைச் சொல்லிட்டாங்க, நான் அவர் வாட்சைப் பத்திச் சொல்றேன்" என்று நேரே சட்டைப்பைக்குப் போய்விடுங்கள். ஒரு நிமிடப் பேச்சாகிவிடும், பரவாயில்லை. இதற்காகத்தான் பாலத்தைத் தனியாக எழுதச் சொன்னேன்.

அவர் அழுதுவிட்டால் ஆறுதல் சொல்லத் தொடங்காதீர்கள், பேச்சைத் தொடரவும் வேண்டாம். கொஞ்சம் நின்று, கடைசி வரிக்கு வந்துவிடுங்கள். அழுகிற மனிதரை இருபது பேர் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, கையில் ஏதோ செய்ய வேலை கொடுப்பது நல்லது.

கரண்ட் போனால் மைக் இல்லாமலே பேசலாம். அந்த அளவு அறைதான் அது. நேரமாகிவிட்டது, அதிகாரிக்கு வேறு கூட்டம் என்றால் வணக்கத்துக்கு அடுத்து வாட்ச் பத்திக்குத் தாவுங்கள்.

11. விழா முடிந்ததும்

கடை முத்திரையும் தேதியும் போட்ட உத்தரவாத அட்டை, பில், பட்டையிலிருந்து எடுத்த கண்ணிகள் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, மேலே "வாட்ச்" என்று எழுதி, அவரிடம் கொடுக்காமல் வீட்டு ஆள் கையில் கொடுங்கள். அவரிடம் கொடுத்தால் சால்வைகளுக்குள் போய்விடும். பில்லில் விலை தெரியும் என்பதால் கவரை ஒட்டிவிடுங்கள். பேட்டரி இரண்டு மூன்று வருடம் வரும். அதற்கு மேல் நின்றால் எந்தக் கடையில் மாற்றுவது என்பதையும் கவரின் பின்னால் எழுதிவிட்டால் அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டியிருக்காது.